எதை ஆவன செய்வது?

பொறியியல் கல்லூரி அலுவலகங்களுக்கு ஆண்டுதோறும் வரும் கடிதங்களில் ஒரு வகை இது. எழுதுபவர் இரண்டாம் ஆண்டு மாணவர் என்று வைத்துக்கொள்வோம்.

“மதிப்பிற்குரிய ஐயா, நான் தங்கள் மேலான கல்லூரியில் இயந்திரவியல் துறையில் பயின்று வருகிறேன் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எனக்குக் கல்விக் கடன் பெறச் சான்றிதழ் தேவைப்படுகிறது. ஆகவே தாங்கள் கருணைகூர்ந்து எனக்குச் சான்றிதழ் வழங்கிட ஆவன செய்யுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே கதைதான். ‘ஐ ஹம்பிளி ரிக்வெஸ்ட் யூ’ என்று தொடங்கி, ‘கைன்ட்லி டூ தி நீட்ஃபுல்’ என்று முடியும்.

பிழை என்று இதில் எதையும் சுட்ட முடியாது. பள்ளியில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் இதைக் கையில் வாங்கும் எழுத்தரின் இடத்தில் இருந்து பாருங்கள். எந்தச் சான்றிதழ்? மாணவரின் பதிவு எண் என்ன? எப்போதைக்கு வேண்டும்? எதுவும் இல்லை. வழக்கம்போல, இவர் எங்கள் கல்லூரி மாணவர்தான் என்று இரண்டு வரியில் ஒரு போனஃபைடு சான்று அடித்துக் கொடுத்துவிடுகிறார். மாணவர் அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனால், “கட்டண விவரம் எங்கே தம்பி? வருஷம் வாரியா, ஹாஸ்டல் ஃபீஸோட சேர்த்து வேணும்” என்கிறார் அங்கே இருப்பவர். மறுபடியும் கல்லூரி அலுவலகம், மறுபடியும் கடிதம், மறுபடியும் முதல்வர் கையெழுத்துக்குக் காத்திருப்பு.

எழுத்தரைக் குறை சொல்ல இடமில்லை. ‘ஆவன செய்யுங்கள்’ என்றால், என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள் என்றுதானே பொருள்? அவர் தமக்குத் தெரிந்த ஆவனவைச் செய்துவிட்டார்.

இந்தத் தொடர்களின் பெரிய கெடுதல் பழமை அல்ல. எழுதுபவருக்கே அவை தரும் பொய்யான நிறைவு. நான்கு வரிப் பணிவு சேர்ந்ததும் பக்கம் நிரம்பிவிடுகிறது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டோம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. மேலே உள்ள கடிதத்தில் ‘மேலான’, ‘தாழ்மையுடன்’, ‘கருணைகூர்ந்து’, ‘ஆவன செய்யுமாறு’ ஆகியவற்றை அடித்துவிட்டுப் படித்தால் மிஞ்சுவது: நான் இயந்திரவியல் மாணவன், கடனுக்குச் சான்றிதழ் வேண்டும். அவ்வளவுதான். என்னென்ன விடுபட்டிருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படுகிறது. ஆகையால் இந்தச் சொற்களை முதலில் நீக்கிவிட வேண்டும், விவரங்களைப் பிறகு சேர்க்க வேண்டும். வரிசையை மாற்றினால் பலன் பாதிதான்.

அதே கடிதத்தைத் திருத்தி எழுதினால் இப்படி வரும்.

“பொருள்: கல்விக் கடனுக்குப் போனஃபைடு சான்றும் மூன்று ஆண்டுக் கட்டண விவரமும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா, நான் இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன். என் பெயரும் பதிவு எண்ணும் கீழே உள்ளன. வங்கியில் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்க எனக்கு இரண்டு ஆவணங்கள் தேவை. ஒன்று, நான் இங்கே படிப்பதற்கான போனஃபைடு சான்று. மற்றது, இரண்டாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை கல்வி, விடுதி, தேர்வுக் கட்டணங்களை ஆண்டுவாரியாகக் காட்டும் விவரம். இரண்டும் கல்லூரியின் லெட்டர்ஹெட்டில், வங்கிக் கிளை மேலாளருக்கு முகவரியிட்டுத் தேவைப்படுகின்றன. ஜூலை 18ஆம் தேதிக்குள் வங்கியில் கொடுக்க வேண்டியிருப்பதால், 15ஆம் தேதிக்குள் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். அடையாள அட்டை நகலையும் இந்த ஆண்டுக் கட்டண ரசீது நகலையும் இணைத்துள்ளேன். நன்றி.”

கடிதம் நீண்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பழைய தொடர்களை வெட்டினால் கடிதம் சுருங்கும் என்று பலரும் சொல்வார்கள். சுருங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றுமில்லை. மரியாதையும் எங்கும் குறையவில்லை. ‘மதிப்பிற்குரிய’ இருக்கிறது, ‘கேட்டுக்கொள்கிறேன்’ இருக்கிறது, ‘நன்றி’ இருக்கிறது. போனவை கும்பிடுகள் மட்டுமே.

பொருள் வரிக்கும் தனியாக ஒரு சொல். ‘சான்றிதழ் வேண்டுதல் தொடர்பாக’ என்று எழுதுவது வழக்கம். பல அலுவலகங்களில் தபாலைப் பிரிப்பவர் கடிதம் முழுவதையும் படிப்பதில்லை. பொருள் வரியைப் பார்த்துத்தான் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறார். கட்டண விவரம் என்ற சொல் அங்கேயே இருந்தால், கடிதம் கணக்குப் பிரிவின் மேசைக்கும் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. அதேபோல ‘கூடிய விரைவில்’ என்பதற்குப் பதில் ஒரு தேதியும், அந்தத் தேதிக்கான காரணமும் இருந்தால் எழுத்தருக்கு எதை முதலில் எடுப்பது என்று தெரியும்.

இந்தக் குனிவு எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷ் ஆட்சிக்கால அலுவலகக் கடிதங்கள், எழுதுபவர் தம்மை ‘மிகவும் கீழ்ப்படிந்த ஊழியன்’ என்று சொல்லிக்கொள்வதோடு முடிந்தன. வேடிக்கை என்னவென்றால், மேலதிகாரி தமக்குக் கீழே உள்ளவருக்கு எழுதும்போதும் இதையேதான் எழுதினார். அவர்களுக்கு அது வெறும் வாய்ப்பாடு. பிரிட்டனிலேயே 20ஆம் நூற்றாண்டில் அது உதிரத் தொடங்கியது. அந்நாட்டு நிதித்துறை கேட்டுக்கொண்டதன்பேரில், அரசு ஊழியர்கள் எளிமையாக எழுதுவதற்கென எர்னஸ்ட் கவர்ஸ் எழுதிய கையேடு 1948இல் வெளிவந்தது. நாமோ அந்த வாய்ப்பாட்டை இன்னும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறோம்.

பக்கத்து மாநிலத்தில் இதை நிர்வாகமே கையில் எடுத்தது. பாலக்காடு மாவட்டத்தின் மாத்தூர் ஊராட்சி, அலுவலகத்துக்கு வருபவர்கள் ‘சார்’, ‘மேடம்’ என்று அழைக்க வேண்டியதில்லை என்று 2021இல் தீர்மானம் போட்டது. பின்னர் கேரள அரசும், விண்ணப்பங்களில் ‘தாழ்மையாக’ என்ற சொல் வேண்டாம், ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்ற அளவே போதும் என்று உத்தரவிட்டது. உரிமையைக் கேட்பவர் ஏன் குனிய வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இன்னும் ஒரு படி மேலே போகிறது: தகவல் ஏன் வேண்டும் என்ற காரணத்தைக்கூட விண்ணப்பதாரர் சொல்லத் தேவையில்லை என்கிறது அதன் 6ஆம் பிரிவு. அந்த மனுவில் போய் ‘கருணைகூர்ந்து’ என்று எழுதுபவர்களை என்ன சொல்வது!

எல்லா இடத்திலும் ஒரே கத்தரிக்கோல் வேண்டாம். நீதிமன்ற மனுவுக்கென்று ஒரு வடிவம் உண்டு; அதை வழக்கறிஞரிடம் விட்டுவிடுங்கள். அச்சடித்த படிவத்தில் ‘தாழ்மையுடன்’ என்று இருந்தால் அதை அடித்துத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். விதிப்படி கிடைக்காத ஒன்றைச் சலுகையாகக் கேட்கும்போது, உதாரணமாகக் கடைசித் தேதி கடந்தபின் கட்டணம் செலுத்த அனுமதி கேட்கும்போது, தணிந்த தொனி தேவைதான். அங்கும் வேலை செய்வது காரணமும் ஆதாரமும்தான்: தந்தை மருத்துவமனையில் இருந்த நாட்கள், டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகல், பணம் கட்டிவிடக்கூடிய தேதி. ‘தாமதத்துக்கு வருந்துகிறேன்’ என்று ஒருமுறை சொன்னால் போதும்.

அடுத்த முறை விண்ணப்பம் எழுதி முடித்ததும் ஒன்று செய்யுங்கள். வீட்டில் விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, “இதை வைத்து நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். அவர் உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்டால், அந்தப் பதிலைக் கடிதத்தில் எழுதிவிட்டு அனுப்புங்கள்.