விரத நாளில் நெஞ்சு ஏன் படபடக்கிறது?

சஷ்டி விரதம் இருக்கும் ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவரை வைத்துப் பார்ப்போம். பத்து வருடமாகச் சர்க்கரை நோய். தினமும் காலையில் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் மாத்திரைகள். விரதத்தன்றும் வழக்கம்போல மாத்திரையை விழுங்கிவிட்டு, ஒரு டம்ளர் காபியோடு கோயிலுக்குப் போய்விட்டார். பதினொரு மணிக்குக் கை நடுங்குகிறது, கழுத்து வியர்க்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நாடித்துடிப்பு 112. பக்கத்தில் நின்ற உறவுக்காரர் குளுக்கோமீட்டரில் பார்த்தால் சர்க்கரை 58.

இப்போது கோளாறு இதயத்தில் இல்லை. மூளைக்கு வேண்டிய குளுக்கோஸ் குறைகிறது என்று தெரிந்ததும் உடல் அட்ரினலினைச் சுரக்கவிடுகிறது. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும்போது இந்த வேலை தொடங்கிவிடும். அட்ரினலின் கல்லீரலில் இருக்கும் சேமிப்பைக் கரைத்துச் சர்க்கரையாக ரத்தத்தில் விடச் சொல்கிறது. அதே ஹார்மோன்தான் இதயத்தையும் வேகமாகவும் பலமாகவும் துடிக்கவைக்கிறது. படபடப்பும் நடுக்கமும் அதன் விளைவு. 54-க்குக் கீழே போனால் மூளையே தடுமாறத் தொடங்கும்: பேச்சு குழறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், சிலர் மயங்கிவிடுவார்கள்.

சர்க்கரை நோய் இல்லாதவருக்கு ஒருவேளை சாப்பாடு தவறினால் இந்த அளவு வருவது அரிது. கல்லீரலின் கிளைகோஜன் சேமிப்பு ஏறக்குறைய ஒரு நாள் தாக்குப்பிடிக்கும். அதற்குப் பிறகும் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரித்துக்கொள்ளும். நம் பெண்மணிக்கு நடந்தது வேறு. கிளிமிபிரைடு, கிளைபென்கிளமைடு போன்ற மாத்திரைகள், சாப்பாடு வந்ததா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். இன்சுலின் அதிகமாக இருக்கும்வரை கல்லீரல் தன் சேமிப்பைத் தாராளமாகத் திறந்துவிடாது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

உடனே செய்ய வேண்டியது எளிது. மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையையோ அதே அளவு குளுக்கோஸ் பொடியையோ தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். லட்டும் பால்கோவாவும் இந்த நேரத்துக்கு உதவாது. அவற்றின் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்கிறார்கள்: 84. நாடி 90-க்கு இறங்கிவிட்டது, நடுக்கமும் நின்றுவிட்டது. அறிகுறி இருந்தபோது சர்க்கரை குறைந்திருந்தது, சர்க்கரை ஏறியதும் அறிகுறி போய்விட்டது. இவை எல்லாம் ஒத்துவந்தால்தான் படபடப்புக்குக் காரணம் சர்க்கரைக் குறைவு என்று உறுதியாகச் சொல்ல முடியும். அளந்து பார்க்காமல் 'லோ சுகர்' என்று சொல்லிவிடுவது என் கண்ணில் பெரிய தவறு. அதோடு, மாத்திரையின் வேலை நாள் முழுக்க நீடிக்கும் என்பதால், 84 வந்த நிம்மதியில் விரதத்தைத் தொடரக் கூடாது. சாப்பிட வேண்டும், சில மணி நேரம் திரும்பத் திரும்ப அளக்கவும் வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய்விடும், ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும்.

ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால், அட்டினலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. அந்த மாத்திரை இதயத்தில் அட்ரினலினைத் தடுப்பதால் நெஞ்சு படபடக்காமலேயே சர்க்கரை இறங்கிவிடலாம். வியர்வை மட்டும் மறையாது. இவர்கள் வீட்டில் இருப்பவர்கள் சில்லென்ற வியர்வையைத்தான் கவனிக்க வேண்டும்.

சரி, அளந்து பார்த்தால் சர்க்கரை 90, ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது என்றால்? விரத நாளில் அதற்கு அடிக்கடி காரணமாவது தண்ணீர்ப் பற்றாக்குறை. ரத்தத்தின் அளவு குறையும்போது இதயம் வேகத்தைக் கூட்டி ஈடுகட்டும். சந்தேகம் இருந்தால் படுத்திருக்கும்போது மணிக்கட்டில் நாடியை எண்ணுங்கள், எழுந்து நின்று ஓரிரு நிமிடத்தில் மறுபடி எண்ணுங்கள். முப்பதுக்கு மேல் கூடினால் உடலில் நீர் வற்றியிருக்க வாய்ப்பு அதிகம். வெறும் வயிற்றுக் காபியும் சிலருக்குத் துடிப்பைக் கூட்டும். பல நாள் பட்டினிக்குக் கணக்கே வேறு. உடல் சிக்கனத்துக்கு மாறி ஓய்வு நாடி மெதுவாகும்; பொட்டாசியமும் மக்னீசியமும் குறைந்தால் துடிப்பின் ஒழுங்கே கெட்டுப்போகலாம்.

அதனால் நாடி எண்ணும்போது வேகத்தோடு ஒழுங்கையும் கவனிக்க வேண்டும். பசியாலும் தாகத்தாலும் வரும் துடிப்பு வேகமாக இருந்தாலும் சீராகவே இருக்கும். தாறுமாறாகத் துடித்தால், நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால், சாப்பிட்ட பிறகும் அடங்காவிட்டால் அன்றே இ.சி.ஜி. எடுக்க வேண்டும். விரதம் இருக்க நினைக்கும் சர்க்கரை நோயாளிகள், அன்று எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்று ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. 70-க்குக் கீழே போனால் விரதத்தை முடித்துக்கொள்வது என்றும் அப்போதே வீட்டில் பேசி வைத்துவிடலாம்.