நாற்பது கோடி நூறு கோடி ஆனது எப்படி?

சென்னையில் ஒரு செல்வ மேலாண்மை நிறுவனம் மூத்த ஆலோசகர் வேண்டுமென்று விளம்பரம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று நிபந்தனைகள்: என்.ஐ.எஸ்.எம். 5-ஏ சான்றிதழ் கட்டாயம். 75 கோடிக்கு மேல் வாடிக்கையாளர் பணத்தைக் கையாண்ட அனுபவம். வாடிக்கையாளரைத் தக்கவைத்த விகிதம் 90 சதவீதத்துக்கு மேல். ஒரு வங்கி ஊழியர் விண்ணப்பிக்கிறார். அவருடைய ரெஸ்யூமேயில் இருப்பவை மூன்றே வரிகள். ‘என்.ஐ.எஸ்.எம். தேர்ச்சி, 2019.’ ‘2020 மார்ச்சில் 40 கோடியாக இருந்த ஏ.யூ.எம்.மை 2024 மார்ச்சில் 100 கோடியாக உயர்த்தினேன்.’ ‘தக்கவைப்பு 95%.’ மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றுக்கும் டிக் போட்டுவிடலாம்.

முதல் வரியில் இரண்டு சிக்கல்கள். என்.ஐ.எஸ்.எம். பல தேர்வுகளை நடத்துகிறது. 5-ஏ மியூச்சுவல் ஃபண்ட் விற்பவர்களுக்கானது. 10-ஏ, 10-பி இரண்டும் முதலீட்டு ஆலோசகர்களுக்கானவை. இவர் எழுதியது எது என்று ரெஸ்யூமே சொல்லவில்லை. அதோடு, 5-ஏ சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். 2019இல் வாங்கியது 2022இல் முடிந்திருக்கும்; பயிற்சி வகுப்பிலோ மறு தேர்விலோ அதைப் புதுப்பித்திருக்க வேண்டும். சான்றிதழின் நகலையும் அவருடைய இ.யூ.ஐ.என். எண்ணையும் கேட்டால் விஷயம் தெளிவாகிவிடும். மியூச்சுவல் ஃபண்ட் விற்கும் ஒவ்வொரு ஊழியருக்கும் தனியாகத் தரப்படும் எண் அது. வேலை மாறினாலும் எண் மாறாது. இன்னொன்று: சிலர் ‘செபி சான்று பெற்றவர்’ என்று எழுதிக்கொள்வார்கள். தேர்வில் தேறுவது வேறு, செபியிடம் முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்துகொள்வது வேறு. தேர்வு எழுதியவரெல்லாம் பதிவு பெற்ற ஆலோசகர் ஆகிவிட மாட்டார்.

இரண்டாவது வரியில்தான் கண்ணை நிறுத்த வேண்டும். கோவிட் சரிவின்போது, 2020 மார்ச் 31 அன்று, நிஃப்டி 8,598 புள்ளிகளில் முடிந்தது. 2024 மார்ச் 28 அன்று 22,327. ஏறத்தாழ 2.6 மடங்கு. அப்படியானால் அந்த 40 கோடி முழுவதும் பங்குகளில் இருந்து, நிஃப்டியோடு சேர்ந்தே ஏறியிருந்தால், யாரும் விரலைக்கூட அசைக்காமலே 104 கோடி ஆகியிருக்கும். 100 கோடி என்பது வளர்ச்சியே அல்ல. கொஞ்சம் பணம் வெளியேறியிருக்கிறது என்றுகூடப் பொருள்.

ஆனால் வங்கி வாடிக்கையாளரின் பணம் முழுவதும் பங்கில் இருப்பது அபூர்வம். பாதிப் பணம் பங்கிலும் பாதி கடன் பத்திர ஃபண்டுகளிலும் இருந்ததாகக் கொள்வோம். பங்கில் இருந்த 20 கோடி 52 கோடி ஆகும். மற்ற 20 கோடி, ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால், 25 கோடி. கூட்டினால் 77. மீதி 23 கோடிதான் இவர் புதிதாகக் கொண்டுவந்த நிகரப் பணம். ஆண்டுக்கு ஆறு கோடிக்கும் குறைவு. அதிலும் இவர் வருவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த எஸ்.ஐ.பி. தவணைகள் எவ்வளவு என்று தெரியாது. என் கணிப்பில் இது மோசமான எண் அல்ல. ரெஸ்யூமே சொல்லும் அறுபது கோடியும் அல்ல. எனவே இவரிடம் கேட்க வேண்டியது ஆண்டுவாரியாக உள்ளே வந்த பணம், வெளியே போன பணம், பங்குக்கும் கடனுக்குமான பங்கீடு. உண்மையிலேயே உழைத்தவருக்கு இந்த எண்கள் தோராயமாகவாவது நாக்கு நுனியில் இருக்கும், ஏனென்றால் வங்கியில் மாதாந்திர இலக்கே நிகர வரவை வைத்துத்தான்.

தக்கவைப்பு 95% என்பது எதில் 95? நூற்றிருபது குடும்பங்களில் ஆறு குடும்பங்கள் போனால் தக்கவைப்பு 95 சதவீதம்தான். அந்த ஆறும் சேர்ந்து 30 கோடி வைத்திருந்தவை என்றால், நூறு கோடியில் எழுபதுதான் தங்கியிருக்கிறது. பெரிய வாடிக்கையாளர்கள்தான் முதலில் வேறு இடம் பார்ப்பவர்கள் என்பதால் இப்படி நடப்பது சாதாரணம். காலக்கணக்கும் வேண்டும். ஆண்டுக்கு 95 என்றால் நான்கு ஆண்டு முடிவில் 81 சதவீதத்தினரே மிஞ்சுவார்கள். 2020இல் இருந்த அதே குடும்பங்களில் எத்தனை 2024இல் இருந்தன என்று கேட்டால் புதிதாகச் சேர்ந்தவர்கள் கணக்கை மறைக்க முடியாது. ஐந்நூறு ரூபாய் எஸ்.ஐ.பி. ஒன்றை மட்டும் விட்டுவைத்து, மற்றதையெல்லாம் எடுத்துப் போனவரையும் ‘தங்கியவர்’ என்று எண்ணும் வழக்கம் உண்டு; அதையும் கேட்டுவிட வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் அந்த நூறு கோடி இவரோடு புதிய நிறுவனத்துக்கு வராது. பெரும்பாலான குடும்பங்களை இவருக்கு ஒப்படைத்தது வங்கி. வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துவரவும் கூடாது. கிளை தந்த வாடிக்கையாளர்கள் எத்தனை, தானே தேடிப் பிடித்தவர்கள் எத்தனை என்பதை இவர் பிரித்துச் சொன்னால், நேர்காணலுக்குக் கூப்பிடலாம். சான்றிதழ் 2022இல் காலாவதியாகி அப்படியே கிடக்கிறது என்றால், புதுப்பித்துக்கொண்டு வரச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.