180 என்பது பவர் அல்ல

கண் பரிசோதனை முடிந்து கையில் வாங்கிய சீட்டைப் பார்த்ததும் அந்தக் கல்லூரி மாணவிக்குப் பகீரென்றது. வலது கண்ணுக்கு எழுதியிருந்தது இது: -2.00 / -0.75 x 180. இடது கண்ணுக்கு வெறும் -1.75. வலது கண்ணின் பவர் நூற்றெண்பதா?

இல்லை. முதல் எண் ஸ்பியர், அதாவது லென்ஸ் முழுக்கச் சமமாக உள்ள பவர். கழித்தல் குறி இருந்தால் கிட்டப்பார்வை. தூரத்தில் உள்ளது மங்கும். கூட்டல் குறி இருந்தால் தூரப்பார்வை. கிட்டப்பார்வையில், நூறை இந்த எண்ணால் வகுத்தால் கண்ணாடி இல்லாமல் எத்தனை சென்டிமீட்டர் வரை தெளிவாகத் தெரியும் என்ற கணக்கு கிடைக்கும். -2.00 என்றால் ஐம்பது. புத்தகம் படிக்கலாம், வகுப்பறைப் பலகை கலங்கும்.

இரண்டாவது எண் சிலிண்டர். கருவிழியின் வளைவு பந்தைப் போல எல்லாப் பக்கமும் ஒன்றாக இல்லாமல், முட்டையைப் போல ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்திருக்கும் கண்களுக்கு ஒரு திசையில் மட்டும் கூடுதல் பவர் வேண்டும். அது எவ்வளவு என்பதே -0.75. இந்த மாணவியின் இடது கண்ணுக்கு அது தேவைப்படவில்லை, அதனால்தான் அங்கே ஒரே எண்.

180 என்பது ஆக்ஸிஸ்: சிலிண்டரை எந்தக் கோணத்தில் வைப்பது என்ற குறிப்பு. பள்ளிக்கூடக் கோணமானியில் இருப்பதே இங்கும். 180 படுக்கைக் கோடு, 90 செங்குத்துக் கோடு. சிலிண்டரின் பவர் இந்தக் கோட்டின் மேல் இல்லை, அதற்குக் குறுக்கே வேலை செய்கிறது. ஆக, இந்த லென்ஸில் படுக்கைவாட்டில் -2.00, மேல்கீழாக -2.75.

கண்ணாடிக் கடை ரசீதில் இன்னொரு குழப்பம் காத்திருந்தது. அங்கே அதே கண்ணுக்கு -2.75 / +0.75 x 90 என்று இருந்தது. பவர் கூடிவிடவில்லை. இரண்டு எண்களையும் கூட்டி, சிலிண்டரின் குறியை மாற்றி, கோணத்தை 90 திருப்பி எழுதியிருக்கிறார்கள். லென்ஸ் ஒன்றேதான். ஆனால் இந்த மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் அது வேறு கண்ணாடி. உடனே கேட்க வேண்டும்.

கோணம் முக்கியம். லென்ஸ் முப்பது டிகிரி திரும்பிப் பொருத்தப்பட்டால் சிலிண்டர் இருந்தும் பயனில்லை. முன்பிருந்த அளவு குறை அப்படியே நிற்கும்.

சிலிண்டர் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடியைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு லென்ஸ் வழியே கதவு நிலையின் நேர்கோட்டைப் பார்த்தபடி மெல்லச் சுழற்ற வேண்டும். வலது லென்ஸில் கோடு கத்தரிக்கோல் போலச் சாயும். இடது லென்ஸில் சாயாது.

புதிதாக அணிபவருக்குச் சில நாள் தரை சரிந்தாற்போலத் தோன்றுவது உண்டு. இரண்டு வாரமாகியும் போகவில்லையென்றால், சீட்டோடு கடைக்குப் போய் லென்ஸ் பவரை இயந்திரத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். எண்கள் சீட்டோடு ஒத்துப்போனால், அடுத்து சோதிக்க வேண்டியது கண்ணை.