கொல்ல முடியாத கிருமிக்குக் கட்டும் காவல்

1990களின் கடைசியில் முடக்குவாதக்காரர்களுக்கும், குரோன்ஸ் என்னும் குடல் அழற்சி நோயாளிகளுக்கும் ஒரு புதிய மருந்து கிடைத்தது. பெயர் இன்ஃப்ளிக்ஸிமாப். சில வாரங்களுக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் தவித்த பலருக்கு அது பெரிய நிவாரணம் தந்தது. ஆனால், 2001ஆம் ஆண்டுக்குள் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு வேறொரு செய்தியும் வந்து சேர்ந்தது. அந்த மருந்தை எடுத்தவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்திருந்தது.

அவர்களில் பெரும்பாலோர் காசநோய் அரிதாகிவிட்ட நாடுகளில் வாழ்ந்தவர்கள். 48 பேருக்கு மூன்று முறையோ அதற்கும் குறைவாகவோ மருந்து ஏற்றிய நிலையிலேயே நோய் வெளிப்பட்டது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நுரையீரலைத் தாண்டியும் நோய் போயிருந்தது; 17 பேருக்கு உடலெங்கும் பரவியிருந்தது. இவ்வளவு பேரும் சொல்லிவைத்தாற்போல அந்தச் சில வாரங்களில் வெளியிலிருந்து கிருமியை வாங்கியிருக்க வாய்ப்பில்லை. பலருக்குள்ளும் அது முன்பே இருந்திருக்க வேண்டும். அதுவரை அதை அடைத்து வைத்திருந்த ஏதோ ஒன்று மருந்தால் தளர்ந்துபோனது.

அந்த ஏதோ ஒன்றுக்குக் கிரானுலோமா என்று பெயர்.

காசநோயாளி இருமும்போது காற்றில் மிதக்கும் நுண்துளிகள் வழியாகக் கிருமி பரவுகிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே இருக்கும் அந்தத் துளிகள் மூச்சோடு நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய்விடும். அங்கே மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கணுக்கள் காவலிருக்கின்றன. அந்நியமாக எது வந்தாலும் அதை விழுங்கி, உள்ளே ஒரு சிறு பையில் அடைத்து, அமிலத்தையும் நொதிகளையும் கொட்டிச் சிதைப்பதுதான் அவற்றின் வேலை. பெரும்பாலான கிருமிகளின் கதை அதோடு முடிந்துவிடும்.

காசநோய்க் கிருமியின் கதை அங்கேதான் தொடங்குகிறது. மெழுகுத்தன்மை கொண்ட தடித்த உறை அதைக் காக்கிறது. தன்னை அடைத்து வைத்த பையோடு நொதிப் பைகள் வந்து கலக்காதபடி அது தடுத்தும் விடுகிறது. பிறகு விழுங்கணுவுக்குள்ளேயே மெல்லப் பெருகுகிறது. குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா சாதகமான சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். உடலின் தனிச்சிறப்பான எதிர்ப்பு முழுமையாக விழித்துக்கொள்ளவும் சில வாரங்கள் பிடிக்கும்.

கொல்ல முடியாததை உடல் சூழ்ந்து வளைக்கப் பார்க்கிறது. தொற்றிய விழுங்கணுவைச் சுற்றி மேலும் விழுங்கணுக்கள் வந்து குவிகின்றன. அவற்றில் பல தட்டையாகி, ஒன்றோடொன்று நெருங்கிப் பின்னிக்கொள்கின்றன. சில ஒன்றாகக் கலந்து, பல உட்கருக்கள் கொண்ட ராட்சத அணுக்களாகின்றன. வெளிவட்டத்தில் டி லிம்போசைட்டுகள் திரள்கின்றன. அதையும் சுற்றி நார்த்திசு படர்கிறது. ஓரிரு மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த உருண்டையின் நடுவில் அணுக்கள் மடிந்து, பனீரைப் போல வெளுத்து உதிரும் ஒரு பொருள் சேர்கிறது. அங்கே ஆக்ஸிஜன் மிகக் குறைவு. கிருமிகள் பெருகுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டுக் கிடக்கும். ஆண்டுகள் பல ஆனபின் சில உருண்டைகளில் சுண்ணாம்பு படியும். வேறெதற்கோ எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளைப் புள்ளி பல நேரம் இதுதான்.

பார்வைக்கு இது சுவர்தான். ஆனால், ஒருமுறை கட்டிவிட்டால் தானாக நிற்கும் சுவர் இல்லை. அணுக்கள் இறந்துகொண்டே இருக்கும், புதியவை வந்துகொண்டே இருக்கும். அவற்றை வரவழைத்து, உள்ளிருக்கும் கிருமியை ஒடுக்கும் வலிமையைக் கொடுக்கும் ரசாயனச் செய்திகளில் முக்கியமானது டி.என்.எஃப். என்ற புரதம். மூட்டு வீக்கத்தைத் தூண்டுவதும் அதே புரதம். இன்ஃப்ளிக்ஸிமாப் முடக்குவது அதைத்தான். மூட்டுக்கு நிம்மதி கிடைத்தபோது நுரையீரலில் காவல் குலைந்தது.

இதை வைத்து, கிரானுலோமா முழுக்க முழுக்க உடலின் நன்மைக்கே என்று எண்ணிவிடலாம். நீண்ட காலம் மருத்துவப் பாடங்களும் அப்படித்தான் பார்த்தன. அந்த எண்ணத்தை அசைத்தவர்களில் லலிதா ராமகிருஷ்ணன் முக்கியமானவர். அவர் தேர்ந்தெடுத்தது வரிக்குதிரை மீனின் குஞ்சுகளை. அவை கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிபவை. உயிரோடு இருக்கும்போதே உள்ளே நடப்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவான, மீன்களைத் தாக்கும் கிருமியை அவற்றுக்குள் செலுத்தினார்கள். மியூஸ் டேவிஸுடன் சேர்ந்து 2009இல் அவர் வெளியிட்ட ஆய்வு கிரானுலோமாவின் தொடக்க நாட்களைக் காட்டியது. தொற்றிய விழுங்கணு ஒன்று இறக்கிறது. அதன் உடலை அப்புறப்படுத்தப் புதிய விழுங்கணுக்கள் விரைந்து வருகின்றன. பிணத்தோடு கிருமியையும் விழுங்கித் தாங்களும் தொற்றுக்கு ஆளாகின்றன. ஒன்றிலிருந்து கிருமி பலவற்றுக்குப் போகிறது. சில அணுக்கள் அந்தக் கூட்டத்தை விட்டு வெளியேறி வேறிடத்தில் புதிய உருண்டையைத் தொடங்கிவைக்கின்றன.

அந்த அணுக்களை அழைப்பதில் கிருமிக்கும் பங்கு உண்டு. சில புரதங்களை வெளியே தள்ளும் அமைப்பு ஒன்று அதனிடம் இருக்கிறது. அது இல்லாத கிருமியைச் செலுத்தியபோது விழுங்கணுக்கள் அவ்வளவு வேகமாக வந்து சேரவில்லை. கிருமியும் அவ்வளவாகப் பெருகவில்லை.

டி.என்.எஃப். கூடினால் நல்லது என்றும் சொல்ல முடியாது. அதே மீன்களில், அது குறைந்தபோது விழுங்கணுக்களுக்குள் கிருமி கட்டுக்கடங்காமல் பெருகி அவற்றை வெடிக்கவைத்தது. அளவுக்கு மிஞ்சியபோதோ, விழுங்கணுக்கள் முதலில் கிருமியைக் கொன்றாலும் பிறகு தாங்களே சிதைந்து, எஞ்சிய கிருமிகளை வெளியே கொட்டின. காவல் நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய அளவில்தான்.

ஒரே உடலில் எல்லா உருண்டைகளின் போக்கும் ஒன்றாக இருப்பதில்லை. பிட்ஸ்பர்க்கில் ஜோஆன் ஃபிளின்னின் குழு குரங்குகளில் இதை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டது. பெரும்பாலான கிரானுலோமாக்கள் ஒரே ஒரு கிருமியிலிருந்து தொடங்கியிருந்தன. ஒரே குரங்கின் நுரையீரலில் ஒன்றில் கிருமி முழுதும் அழிந்திருக்க, இன்னொன்றில் அது பெருகிக்கொண்டிருந்தது. நோய் முற்றிய குரங்கிலும் கிருமியற்ற உருண்டைகள் இருந்தன. ஓரிரண்டில் காவல் தவறினாலே நோய் வந்துவிடுகிறது.

தவறும்போது நடுவில் இருக்கும் பொருள் இளகுகிறது. உருண்டை மூச்சுக்குழாய்க்குள் உடைந்து திறக்க, அந்த இடத்தில் குழி விழுகிறது. ஆக்ஸிஜன் பாய்ந்ததும் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகிச் சளியோடு வெளியேறுகின்றன. விடாத இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் எல்லாம் அப்போதுதான் வெளியே தெரிகின்றன. தொற்று உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வாழ்நாளில் இந்த நிலை வருகிறது. எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

இந்தக் கட்டமைப்புதான் சிகிச்சையையும் நீளமாக்குகிறது. நடுப்பகுதியில் ரத்தக்குழாய் இல்லாததால் மருந்து மெல்லக் கசிந்துதான் உள்ளே போக வேண்டும். ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் அங்கே ஓரளவு நன்றாகச் சேர்கின்றன. வேறு சில மருந்துகள் வெளிவட்டத்திலேயே தங்கிவிடுகின்றன. உள்ளே போனாலும், பெருகாமல் கிடக்கும் கிருமியைக் கொல்ல நாளாகும். இருமல் சில வாரங்களில் நின்றுவிட்டாலும் ஆறு மாத மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

2001க்குப் பிறகு டி.என்.எஃப். தடுப்பு மருந்துகளைத் தொடங்குமுன் நெஞ்சு எக்ஸ்ரேயும், மாண்டூ எனப்படும் தோல் பரிசோதனை அல்லது அதற்கு இணையான ரத்தப் பரிசோதனையும் செய்வது வழக்கமானது. தொற்று தெரிந்தால் முதலில் தடுப்பு மாத்திரை தொடங்கி, பொதுவாக ஒரு மாதமாவது கழித்தே ஊசிக்குப் போகிறார்கள். ஆனால், இந்தப் பரிசோதனைகள் உடல் அந்தக் கிருமியை எப்போதோ சந்தித்திருக்கிறது என்பதைத்தான் காட்டும். உருண்டைக்குள் உயிருள்ள கிருமி இருக்கிறதா என்பதை அவற்றால் சொல்ல முடியாது. ஏற்கெனவே ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் முடக்குவாதக்காரருக்குத் தொற்று இருந்தும் தோல் பரிசோதனை ஒன்றுமில்லை என்று காட்டிவிடக்கூடும். அதனால் பழைய காசநோய், வீட்டில் யாருக்காவது இருந்த இருமல், சிறு வயதில் வந்த நெறிக்கட்டி என எதையும் விடாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுவது அவசியம்.