ஒரு கப்பல், இரண்டு சமோவா

1918 நவம்பர் 7. பசிபிக் தீவான மேற்குச் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்துக்கு, நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து தலூன் என்ற கப்பல் வந்து சேர்ந்தது. கப்பலில் பலர் காய்ச்சலோடு கிடந்தார்கள். துறைமுக மருத்துவர் வந்து பார்த்தார். இறங்கலாம் என்று அனுமதி கொடுத்தார். பயணிகள் இறங்கி அவரவர் ஊருக்குப் போனார்கள். அடுத்த இரண்டு மாதங்களுக்குள் அந்த நாட்டில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்துபோனார்கள்.

உலகெங்கும் சுமார் 5 கோடிப் பேரைக் கொன்றதாகக் கணிக்கப்படும் இன்ஃபுளுயன்சா அது. போர் முடியும் தறுவாயில் படைவீரர்களோடு கப்பலிலும் ரயிலிலும் ஏறி அது ஊர் ஊராகப் போயிற்று. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் மக்கள்தொகையில் எத்தனை பங்கு அழிந்தது என்று பார்த்தால், மேற்குச் சமோவா அளவுக்கு அடிபட்ட நாடு வேறில்லை என்றே சொல்லலாம்.

ஆக்லாந்திலிருந்து ஆப்பியாவுக்கு எட்டு நாள் பயணம். இந்தக் காய்ச்சலோ தொற்றிய ஒன்றிரண்டு நாளில் வெளிப்பட்டு, சில நாளில் தணிந்துவிடக்கூடியது. ஒருவர் மட்டும் நோயோடு ஏறியிருந்தால் அது நடுக்கடலிலேயே முடிந்திருக்கலாம். ஆனால் நெரிசலான கப்பலில் ஒருவர் தேறுவதற்குள் அடுத்தவர் படுத்துவிடுவார், அவரிடமிருந்து இன்னொருவர். தலூன் வழியில் ஃபிஜியின் சுவா துறைமுகத்திலும் நின்று ஆள் ஏற்றியது. இப்படிக் கைமாறிக் கைமாறி, கரை வரும்வரை நோய் உயிரோடிருந்தது. ஆக்லாந்தில் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தும், அறிவிக்கவேண்டிய நோய்ப் பட்டியலில் இன்ஃபுளுயன்சா அப்போது இல்லாததால், கப்பலுக்கு நோயில்லைச் சான்று கிடைத்திருந்தது.

கரையில் நடந்ததுதான் மிகக் கொடுமை. இந்த நோய் குழந்தைகளையும் முதியோரையும் மட்டுமல்ல, திடமான இளவயதினரையும் வீழ்த்தியது. பலரைக் கொன்றது, காய்ச்சலைத் தொடர்ந்து நுரையீரலில் பாக்டீரியாவால் வந்த நிமோனியா. அதற்கு அன்று மருந்து கிடையாது. வீட்டில் எல்லோரும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டால் சேப்பங்கிழங்கு பறித்துவர யாருமில்லை. அடுப்பு மூட்ட, தண்ணீர் கொடுக்க யாருமில்லை. தேறியிருக்கக் கூடியவர்களும் பசியாலும் கவனிப்பின்மையாலும் இறந்தார்கள். சடலங்களைப் பாயில் சுற்றி லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பொதுக்குழியில் புதைத்தார்கள். சுமார் 38,000 பேர் இருந்த நாட்டில் ஏறக்குறைய 8,500 பேர் மாண்டார்கள். மரபும் வழக்கும் அறிந்த ஊர்த் தலைவர்களில் பலர் ஒரே அலையில் போய்விட்டார்கள்.

அங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர் கிழக்கே, அதே மொழியும் அதே சொந்தபந்தமும் கொண்ட அமெரிக்கச் சமோவா. அங்கே இந்த நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை.

அமெரிக்கக் கடற்படையின் சார்பில் அதை ஆண்ட ஜான் போயர், வானொலித் தந்தி வழியாக வந்த செய்திகளைக் கவனித்து வந்தார். வருகிற கப்பல்களைத் தனியே நிறுத்தி, அதில் இருப்பவர்களை ஐந்து நாள் கண்காணிக்கச் சொன்னார். தொற்று வெளிப்பட அவ்வளவு நாள் போதும். பெரிய கப்பலைத் துறைமுகத்தில் நிறுத்திவிடலாம். உறவினரைப் பார்க்கப் படகில் வருகிறவரை எப்படி நிறுத்துவது? அந்தக் காவலை ஊர்மக்களே ஏற்றுக்கொண்டார்கள். கரை நெடுகக் காத்திருந்து, மேற்கிலிருந்து வந்த படகுகளைத் திருப்பியனுப்பினார்கள். சாவு விழுந்த வீட்டுக்குப் போகாமலும், தப்பிவரும் சொந்தக்காரரைச் சேர்க்காமலும் இருப்பது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்காது. இந்தக் கட்டுப்பாடு சில வாரங்களில் முடியவில்லை, 1920 வரை நீடித்தது.

மேற்குச் சமோவாவை அப்போது ஆண்டது நியூசிலாந்து ராணுவம். ஜெர்மனியிடமிருந்து 1914இல் கைப்பற்றியிருந்தது. அதன் நிர்வாகி ராபர்ட் லோகன். உதவி வேண்டுமா என்று போயர் கேட்டனுப்பிய செய்தி லோகன் கைக்கு வந்தும் பயன்படவில்லை. தம்முடைய தபால் படகை அமெரிக்கர்கள் தனிமைப்படுத்தியதில் கோபமுற்று, அவர் பாங்கோ பாங்கோவுடன் வானொலித் தொடர்பையே துண்டித்தார். மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது மருத்துவ உதவிக்கான வழியை ஓர் அதிகாரியின் வீம்பு அடைத்ததை மன்னிக்க இயலாது. ஆஸ்திரேலியாவிலிருந்து என்கவுன்டர் என்ற போர்க்கப்பல் மருத்துவக் குழுவோடு வந்து சேர்ந்தபோது டிசம்பர் பிறந்துவிட்டது.

1919இல் நியூசிலாந்து அமைத்த விசாரணைக் குழு, நோய் தலூன் வழியாகவே வந்தது என்றும் நிர்வாகம் தவறியது என்றும் கண்டறிந்தது. அந்த மரணங்களின் கசப்பு, 1920களில் எழுந்த மாவ் என்னும் விடுதலை இயக்கத்துக்கு வலுவூட்டிய காரணங்களில் ஒன்று. சமோவா 1962இல் சுதந்திரம் பெற்றது. நோயோடு வந்த கப்பலைக் கரைக்கு விட்டதற்காக நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் ஆப்பியாவில் மன்னிப்புக் கேட்டது 2002இல்தான்.