பக்கத்து சீட்டுக்காரர் லீடாகும்போது

எட்டுப் பேர் கொண்ட ஒரு மென்பொருள் குழுவை எடுத்துக்கொள்வோம். டீம் லீட் இடம் காலியானபோது இரண்டு பெயர்கள் அடிபட்டன. ஒருவர் பில்லிங் பகுதியை ஆறு ஆண்டுகளாகக் கவனித்து வருபவர், அதன் சந்துபொந்தெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பதவி கிடைத்தது அவரைவிட இளைய ஒரு பெண்ணுக்கு. நேற்றுவரை சேர்ந்து டீ குடிக்கப் போனவர்கள். அறிவிப்பு வந்த வாரத்திலிருந்து காலைக் கூட்டத்தில் எதைக் கேட்டாலும் அவர் சொல்வது “போயிட்டிருக்கு” என்பது மட்டும்தான். சந்தேகம் வந்தால் லீடைத் தாண்டி நேராக மேனேஜருக்கு மெயில் போகிறது.

அவர் மனத்தில் இரண்டு குறைகள் இருக்கின்றன. ஒன்று, பதவி கிடைக்கவில்லை. இன்னொன்று, ஏன் கிடைக்கவில்லை என்று யாரும் முகம் பார்த்துச் சொல்லவில்லை. பல சமயம் இரண்டாவதுதான் ஆழமாக அறுக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருத்தமானது. ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் 15 சதவீதம் சம்பளம் தற்காலிகமாகக் குறைக்கப்பட்டது. ஒன்றில் காரணத்தை விரிவாக, வருத்தத்தோடு விளக்கினார்கள். மற்றதில் ஒப்புக்கு நாலு வார்த்தை சொன்னதோடு சரி. இரண்டிலும் பொருள்கள் களவு போவது கூடியது, ஆனால் சரியாக விளக்காத ஆலையில்தான் மிக அதிகம். இழப்பு ஒன்றுதான், அது சொல்லப்பட்ட விதம் வேறு.

ஆகவே புதிய லீட் முதலில் போக வேண்டியது மேனேஜரிடம். “அவர்கிட்ட நீங்க பேசிட்டீங்களா?” என்று கேட்க வேண்டும். எந்தத் திறமைகளைப் பார்த்தார்கள், அவரிடம் எது போதவில்லை, அடுத்த வாய்ப்புக்கு என்ன வேண்டும் என்பதையெல்லாம் முடிவெடுத்தவர்தான் சொல்ல முடியும். அந்த வேலையைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் லீட், தன் தகுதிக்குத் தானே வாதாடும் நிலைக்கு வந்துவிடுவார்.

அதன்பின், முதல் வாரத்துக்குள், தனி அறையில் நேருக்கு நேர் பேச வேண்டும். இதுவரை எப்படிக் கூப்பிட்டாரோ அப்படியே கூப்பிடலாம். “அண்ணா, இந்த இடத்துக்கு நீங்களும் இருந்தீங்கன்னு எனக்குத் தெரியும். வருத்தமா இருந்தா அதுல தப்பே இல்ல. அந்த முடிவைப் பத்தி நான் பேச முடியாது. ஆனா நாம எப்படி வேலை செய்யப்போறோம்னு பேசலாம். உங்களுக்கு எது சிரமமா இருக்கும்?” இதோடு நிறுத்திவிட்டுக் காது கொடுக்க வேண்டும். “நான் கேட்டு வாங்கல” என்பதும் “நமக்குள்ள எதுவும் மாறல” என்பதும் வேண்டாம். முதலாவது அவருக்குக் குத்தலாகவே கேட்கும். இரண்டாவது உண்மையல்ல. அவருடைய லீவும் அப்ரைசலும் இனி இவர் கையில்.

அடுத்து, அவருக்கு உண்மையான அதிகாரம் எதையாவது கொடுக்க வேண்டும். பில்லிங்கில் எந்த மாற்றத்தையும் அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவதில்லை என்று குழுவின் முன் அறிவித்து, அதன்படியே நடக்க வேண்டும். அவர் சொன்னதை ஒரே ஒரு முறை காரணமில்லாமல் மீறினாலும், அந்த அறிவிப்பு வெறும் சமாதானப் பரிசாகிவிடும்.

தாண்டிப் போகும் மெயிலை நிறுத்துவதும் மேனேஜர் கையில்தான் இருக்கிறது. அவர் பதில் எழுதாமல், “இதை லீடுடன் பேசி முடியுங்கள்” என்று திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு முறை பதில் எழுதிவிட்டால் அந்த வழி திறந்தே கிடக்கும்.

மௌனத்தை மனவருத்தம் என்று சில வாரங்கள் பொறுத்துக்கொள்ளலாம். வேலை கெடும்போது பொறுக்கக் கூடாது. இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தும் வேலை நேரத்துக்கு முடிகிறதென்றால் அது வருத்தம். தனக்குத் தெரிந்த தகவலைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு மற்றவர்கள் வேலையைத் தேங்க வைத்தால் அது முட்டுக்கட்டை. அப்போது தனியே அழைத்து, நடந்ததை மட்டும் பேச வேண்டும்: “செவ்வாய்க்கிழமை வரி விதி மாறினது உங்களுக்குத் தெரியும். டெஸ்டிங் டீமுக்கு வெள்ளிக்கிழமைதான் சொன்னீங்க. மூணு நாள் போச்சு. இனிமே அன்னைக்கே சொல்லணும்.” ‘உங்க மனப்பான்மை சரியில்ல’ என்றால் அது வாக்குவாதத்தில்தான் முடியும். பேசியதை இரண்டு வரி மெயிலாக அவருக்கே அனுப்பிவைப்பது நல்லது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வேறு இடத்தில் இன்டர்வியூ போனது, காய்ச்சல் என்று லீவு போட்டுக் கல்யாணத்துக்குப் போனது எல்லாம் தோழியாக இருந்தபோது காதில் விழுந்தவை. அப்ரைசலில் அவற்றின் நிழல்கூட விழக் கூடாது. விழுந்தால் அவர் மட்டுமல்ல, மற்ற ஆறு பேரும் அன்றோடு வாயை மூடிக்கொள்வார்கள்.

இத்தனைக்குப் பிறகும் மூன்று நான்கு மாதங்களில் வேலை சீராகவில்லை என்றால், மேனேஜரோடு சேர்ந்து அவரிடமே வேறு ப்ராஜெக்ட் பற்றிப் பேசலாம். அதற்கு முன்பே பில்லிங் பகுதியை இன்னொருவர் அவருடன் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அவர் கிளம்பும் வாரத்தில் தொடங்கினால் ஆறு ஆண்டு அனுபவத்தில் பாதிகூடக் கைக்கு வராது.