2.7 சதவீத வட்டியில் கையில் நிற்பது எவ்வளவு?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேமிப்புக் கணக்கில் வட்டி வரவு வைக்கப்பட்டதாகச் செல்பேசியில் குறுஞ்செய்தி வரும். போட்ட பணம் குறையவில்லை, கொஞ்சம் கூடியும் இருக்கிறது என்று பார்ப்பவருக்கு ஒரு நிம்மதி. ஆனால் ரூபாய் கூடுவது வேறு, அந்த ரூபாயால் வாங்க முடிவது கூடுவது வேறு. இரண்டுக்கும் நடுவே வரியும் விலைவாசியும் நிற்கின்றன.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2023 ஏப்ரல் முதல் நாள் ஒருவர் பாரத ஸ்டேட் வங்கியின் சேமிப்புக் கணக்கில் 2 லட்சம் ரூபாய் வைத்திருந்தார் என்று கொள்வோம். அப்போது அங்கே வட்டி 2.70 சதவீதம். ஆண்டு முழுவதும் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தால் 5,400 ரூபாய் கிடைக்கும். காலாண்டு வட்டிக்கு வட்டி சேர்வதால் இன்னும் ஐம்பது ரூபாய்க்குச் சற்று மேல் வரும். எளிமைக்காக அதை விட்டுவிடலாம்.

அவர் சம்பளக்காரர். புதிய வரிமுறையில் இருக்கிறார். வரிக்குரிய வருமானம் 13 லட்சம். அந்த ஆண்டின் விகிதப்படி அவருடைய வட்டி 20 சதவீத அடுக்கில் விழும். மேல்வரியான 4 சதவீத செஸ்ஸையும் சேர்த்தால் 20.8 சதவீதம். 5,400 ரூபாயில் 1,123 ரூபாய் வரிக்குப் போக, மிச்சம் 4,277.

சேமிப்புக் கணக்கு வட்டிக்கு வங்கி டிடிஎஸ் பிடிப்பதில்லை. அதனாலேயே பலருக்கு இந்த வரி நினைவில் இருப்பதில்லை. வருமான வரித் துறையின் இணையதளத்தில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்தால், வங்கி தெரிவித்த வட்டித் தொகை அங்கே பதிவாகியிருக்கும்.

இனி விலைவாசி. 2024 மார்ச்சில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 4.85 சதவீதம். அதாவது 2023 மார்ச்சில் 2 லட்சத்துக்கு வாங்கிய பொருட்களை ஓராண்டு கழித்து வாங்க 2,09,700 ரூபாய் வேண்டும். இவரிடம் இருப்பதோ 2,04,277. துண்டு விழுவது 5,423 ரூபாய். இதைப் பழைய விலையில் சொல்வதானால் 2,04,277-ஐ 1.0485-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 1,94,828. பாஸ்புக்கில் நான்காயிரத்துச் சொச்சம் கூடியிருக்க, வாங்கும் சக்தியில் ஐயாயிரத்துக்கு மேல் கரைந்துவிட்டது. உண்மை வருமானம் ஏறத்தாழ மைனஸ் 2.6 சதவீதம்.

பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், 80டிடிஏ பிரிவின்படி சேமிப்புக் கணக்கு வட்டியில் 10,000 ரூபாய் வரை கழிவு உண்டு. மூத்த குடிமக்களுக்கு 80டிடிபி பிரிவில், வைப்புநிதி வட்டியையும் சேர்த்து, 50,000 ரூபாய் வரை. இவருடைய 5,400 ரூபாய்க்கு அப்போது வரியே இல்லை. ஆனாலும் உண்மை வருமானம் மைனஸ் 2 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். பெரிய அடி விலைவாசியிலிருந்துதான் வருகிறது.

வரியிலும் ஒரு நியாயக்கேடு இருக்கிறது. அதே ஆண்டில் வேறொரு வங்கி சரியாக 4.85 சதவீதம் வட்டி கொடுத்திருந்தால்? வட்டி 9,700 ரூபாய். விலைவாசி ஏற்றமும் அதே 9,700. உண்மையில் அவருக்கு ஒரு ரூபாய் லாபமும் இல்லை. பணத்தின் மதிப்பு தேய்ந்ததை வட்டி ஈடுகட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் வரிச்சட்டம் அந்த 9,700 முழுவதையும் வருமானமாகவே பார்க்கிறது. 2,018 ரூபாய் வரி கட்டிய பிறகு அவர் நஷ்டத்தில்தான் இருப்பார். நிலத்தையும் வீட்டையும் விற்றவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பணவீக்கக் குறியீட்டின்படி வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிடும் சலுகை இருந்தது. வட்டிக்கு அப்படி ஒன்று இல்லை. எனவே 20.8 சதவீத வரி கட்டுபவர், இருந்த இடத்திலேயே நிற்பதற்கு 4.85-ஐ 0.792-ஆல் வகுத்தால் வரும் 6.12 சதவீத வட்டி வாங்கியாக வேண்டும். 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு அது 7 சதவீதத்தைத் தாண்டும்.

எல்லா ஆண்டும் இப்படி இல்லை. 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதத்துக்கு இறங்கியது. ஸ்டேட் வங்கியின் சேமிப்பு வட்டி 2.50 சதவீதமாகக் குறைந்திருந்தும், வரி போக மிஞ்சும் 1.98 சதவீதம் விலைவாசியை முந்திவிட்டது. ஆனால் அந்த மாதத்தில் உணவுப் பொருட்களின் விலைதான் ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 5 சதவீதம் சரிந்து, மொத்தக் குறியீட்டையும் கீழே இழுத்தது. வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்குமே பெரும்பகுதியைச் செலவிடும் குடும்பத்துக்கு அந்த 0.25 பொருந்தாது. அவர்கள் சென்ற ஆண்டின் வாடகை ரசீதையும் கட்டண ரசீதையும் இந்த ஆண்டு ரசீதுகளோடு ஒப்பிட்டு, அதில் வரும் சதவீதத்தை 4.85 நின்ற இடத்தில் வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.